ஒரு பக்கத்தைத் திருப்பத் தெரியாமல் போனதால்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது படித்தால் இன்னும் நல்லது, கூடவே செய்து பார்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவள் ஊரில் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் புளூரைடு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். அவளும் நாலைந்து பேரும் சேர்ந்து 24 இடங்களில் தண்ணீர் எடுத்து, சோதனைச் சாலையில் கொடுத்து, முடிவுகளை எல்லாம் ஓர் அறிக்கையாக்கி, ஒரு கூட்டத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

அறிக்கையில் உயிரான பகுதி ஓர் அட்டவணை. 24 வரிசை, 13 பத்தி. அது பக்கத்தில் அடங்கவில்லை என்று தட்டச்சு செய்தவர் எழுத்தை 6 பாயின்ட் அளவுக்குக் குறைத்துவிட்டார். அதை நகல் எடுத்து, நகலின் நகலை எடுத்துக் கூட்டத்தில் கொடுத்தபோது, எண்களுக்கு நடுவே இருந்த தசமப் புள்ளிகளில் பாதி காணாமல் போய்விட்டன. 1.8 என்பது 18 ஆகிவிட்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளூரைடு ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. 1.8 என்றால் கவலைப்பட வேண்டிய தண்ணீர். 18 என்றால் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது, சோதனையே தப்பு என்பதுதான். அங்கே இருந்த ஒருவர் அதைத்தான் சொன்னாராம். "ஒரு எண்ணே இப்படி என்றால் மற்றதை எப்படி நம்புவது?" என்று அறிக்கையை மூடி வைத்துவிட்டார்.

"சார், தண்ணி எடுக்க மூணு நாள் அலைஞ்சோம். ஒரு புள்ளியில போயிடுச்சு" என்றாள்.

புள்ளியில் போகவில்லை அம்மா, பக்கத்தைத் திருப்பத் தெரியாததால் போனது என்றேன். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து சரி செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே என் கருத்தும் உண்டு. அகலமான அட்டவணையைப் பொடி எழுத்தாக்குவது தப்பு. அதைப் படமாக எடுத்து ஒட்டுவது தப்பு. தனிக் கோப்பாக அடித்து நடுவே செருகுவது அதைவிடத் தப்பு. அதே கோப்பில், அந்த ஒரு பக்கத்தை மட்டும் குறுக்குவாட்டில் திருப்பி வைப்பதுதான் சரி. இதற்கு வேர்டில் செக்‌ஷன் பிரேக் என்று ஒரு வழி இருக்கிறது. பத்து வருடம் வேர்டில் வேலை செய்தவர்களில்கூட நிறையப் பேர் அதைத் தொட்டதில்லை.

தனிக் கோப்பு ஏன் அதைவிடத் தப்பு என்றால், அதையும் இவர்கள் முதலில் செய்து பார்த்திருக்கிறார்கள். அட்டவணையை வேறு கோப்பில் குறுக்குவாட்டில் அடித்து, ஏழாம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவே செருகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாளில் பக்க எண் 1 என்று இருந்தது. பத்துப் பிரதி போட்டபோது மூன்று பிரதிகளில் அந்தத் தாளே இல்லை. பின் அடித்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் 7க்கு அடுத்து 8 சரியாகத்தானே இருந்தது?

முதலில் கணக்கு. கணக்கு வாத்தியாரிடம் வந்தால் அது இல்லாமல் போக முடியாது. ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 உயரம். நான்கு பக்கமும் 2.54 ஓரம் விட்டால், நெடுக்குவாட்டில் எழுதக் கிடைக்கும் அகலம் 15.92. அதை 13 பத்திக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 1.2 சென்டிமீட்டர்தான். 'கடினத்தன்மை' என்ற தலைப்பை அதற்குள் 10 பாயின்டில் எழுதிப் பாருங்கள். வார்த்தை நடுவில் முறிந்து 'கடினத்' ஒரு வரியிலும் 'தன்மை' இன்னொரு வரியிலும், சில நேரம் அதைவிடக் கண்றாவியாகவும் விழும். அதனால்தான் எழுத்தைக் குறைக்கக் கை போகிறது. அதே தாளைக் குறுக்கே திருப்பினால் அகலம் 24.62. பங்கு போட்டால் ஒரு பத்திக்கு 1.9 வருகிறது. கிணற்று எண்ணுக்கு அவ்வளவு வேண்டாம், அதில் மிச்சப்படுவதைத் தலைப்பு நீளமான பத்திகளுக்குக் கொடுக்கலாம். 10 பாயின்டில் எல்லாம் படிக்கும்படி உட்கார்ந்துவிட்டது.

இனி செக்‌ஷன் பிரேக் என்றால் என்ன என்பது. இது புரிந்துவிட்டால் மற்றது கை வேலை. புரியாவிட்டால் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மறந்துபோகும்.

நாம் எல்லோரும் ஒரு வேர்டு கோப்பை ஒரே வயல் என்று நினைக்கிறோம். வயல் முழுக்க ஒரே பயிர்தான் போட முடியும். Landscape என்பதை அழுத்தினால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடுகிறது. உடனே பயந்து பழையபடி வைத்துவிட்டு, "வேர்டில் ஒரு பக்கத்தை மட்டும் திருப்ப முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். முடியும். வயலுக்கு நடுவே வரப்பு போட வேண்டும். செக்‌ஷன் பிரேக் என்பது அந்த வரப்பு. தாளின் வாட்டம், ஓர அளவு, தலைப்பகுதி, அடிப்பகுதி, பக்க எண் வரும் முறை எல்லாம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண பேஜ் பிரேக் வரப்பு அல்ல. அது அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வயலாகவே இருக்கும்.

நடுவில் ஒரு பாத்தி மட்டும் வேண்டும் என்றால் எத்தனை வரப்பு? இரண்டு. அட்டவணைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்று பிரிவுகள் கிடைக்கும். ஒரு வரப்பு மட்டும் போட்டுவிட்டுத் திருப்பினால், அட்டவணையில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை எல்லாம் படுத்துவிடும். நான் பார்த்த தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான்.

செய்யும் முறை இது. முதலில் Home பகுதியில் இருக்கும் ¶ குறியை அழுத்திக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் Ctrl+Shift+8. கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் திரையில் வந்துவிடும், அச்சில் வராது. வரப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வயலில் இறங்கக் கூடாது. இதை அழுத்தாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்பது என் கண்டிப்பு.

அடுத்து, அட்டவணைக்கு மேலே இருக்கும் தலைப்பு வரியின் தொடக்கத்தில் கர்சரை வையுங்கள். எங்கள் அறிக்கையில் அது 'அட்டவணை 3' என்று தொடங்கும் வரி. தலைப்பை விட்டுவிட்டு அட்டவணைக்கு நேர் மேலே வைத்தால், தலைப்பு ஒரு பக்கத்திலும் அட்டவணை அடுத்த பக்கத்திலும் நிற்கும். மேலே Layout பகுதிக்குப் போய் Breaks என்பதைத் திறந்தால், இரண்டு கூட்டம் தெரியும். மேலே உள்ளவை பேஜ் பிரேக் வகை, கீழே Section Breaks என்ற தலைப்பில் இருப்பவை நமக்கு வேண்டியவை. அதில் Next Page. முதல் வரப்பு விழுந்துவிட்டது.

பிறகு அட்டவணை முடிந்து, அதன் அடிக்குறிப்பும் முடிந்து, அடுத்த பத்தி தொடங்கும் இடத்தில் கர்சரை வைத்து மறுபடியும் Layout, Breaks, Next Page. இரண்டாவது வரப்பு.

இப்போது அட்டவணைக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் சொடுக்கி Layout, Orientation, Landscape. அந்தப் பக்கம் மட்டும் திரும்பும். முன்னும் பின்னும் உள்ளவை அசையாது. இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. அட்டவணைக்குள் கர்சர் இருக்கும்போது வலது ஓரத்தில் அட்டவணைக்கென்று இன்னொரு Layout வந்து நிற்கும். புதிய வேர்டில் அதன் பெயர் Table Layout, பழையதில் இரண்டுக்கும் ஒரே பெயர். அவள் அதைத் திறந்துவிட்டு "சார், இதுல Orientation-ஏ இல்லையே" என்று கொஞ்ச நேரம் தேடினாள். தாளைத் திருப்புவது இடது பக்கத்து Layout.

நீங்கள் எந்தப் பிரிவில் நிற்கிறீர்கள் என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். திரையின் கீழே இருக்கும் பட்டையில் வலது சொடுக்குப் போட்டு Section என்பதைத் தேர்ந்துவிட்டால், பக்க எண்ணுக்குப் பக்கத்தில் பிரிவு எண்ணும் தெரியும். அட்டவணைக்குள் நின்றால் 2 என்று காட்ட வேண்டும். 1 என்று காட்டினால் முதல் வரப்பு விழவில்லை, பேஜ் பிரேக் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இரண்டு வரப்பையும் ஒரே நேரத்தில் போடும் குறுக்கு வழியும் உண்டு. தலைப்பு, அட்டவணை, அடிக்குறிப்பு மூன்றையும் சேர்த்துத் தேர்ந்துகொண்டு, Page Setup பெட்டியைத் திறந்து Landscape கொடுத்து, கீழே Apply to என்ற இடத்தில் Selected text என்று வைத்தால், வேர்டே முன்னும் பின்னும் பிரேக் போட்டுவிடும். நான் இதை முதலில் சொல்லிக் கொடுப்பதில்லை. கையால் இரண்டு வரப்பு போட்டுப் பழகியவர்களுக்குத்தான் பின்னால் ஏதாவது கெட்டால் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

தாள் திரும்பிவிட்டது. ஆனால் அட்டவணை பழைய அகலத்திலேயே இடது பக்கம் ஒடுங்கி நின்றது. தாளைத் திருப்பினால் அட்டவணை தானாக விரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. Table Layout-இல் AutoFit, அதில் AutoFit Window கொடுத்தோம். இரு ஓரத்துக்கும் விரிந்தது. அதன் பிறகு எழுத்தை 6-இலிருந்து 10 ஆக்கினோம். புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தன.

இப்போது அடுத்த கணக்கு. அகலம் கூடியது என்றால் உயரம் குறைந்திருக்கிறது. திருப்பிய தாளில் எழுதக் கிடைக்கும் உயரம் 15.92 சென்டிமீட்டர்தான். எங்கள் அட்டவணைத் தலைப்பு வரி 0.7, பத்தித் தலைப்புகள் இரண்டு வரியில் 1.2, அதன் கீழே 24 வரிசை, ஒன்றுக்கு 0.6 வீதம் 14.4. மொத்தம் 16.3. அதாவது 24-ஆவது கிணறு மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் அனாதையாக நின்றது. அந்தக் கிணறுதான் பள்ளிக்கூடத்துக் கிணறு!

இதற்காக எழுத்தை மறுபடி குறைக்க வேண்டியதில்லை. ஓரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஓரத்தில்? தாளை இடது பக்கம் பின் அடிப்பார்கள். குறுக்குப் பக்கத்தின் மேல்புறம் பின் அடிக்கும் பக்கமாக வரும்படி வைப்பதுதான் வழக்கம். படிப்பவர் அறிக்கையை வலஞ்சுழியாக ஒரு கால் சுற்றுத் திருப்பிப் படிப்பார். ஆகவே குறுக்குப் பக்கத்தில் மேல் ஓரத்தைத் தொடக் கூடாது, பின் எழுத்தைத் தின்றுவிடும். கீழ் ஓரத்தை 2.54-இலிருந்து 2 ஆக்கினோம். Layout, Margins, Custom Margins. Apply to என்பதில் This section என்றே இருக்கட்டும். உயரம் 16.46 ஆனது. அட்டவணை அடங்கியது.

உங்கள் கோப்பில் நான்கு ஓரமும் ஒரே அளவில் இல்லாவிட்டால் இன்னொன்றைக் கவனியுங்கள். தாளைத் திருப்பும்போது வேர்டு ஓர அளவுகளையும் சேர்த்துத் திருப்பிவிடும். பைண்டிங்குக்காக இடது பக்கம் 4 சென்டிமீட்டர் விட்டவர்கள், திருப்பிய பிறகு அந்த 4 எந்தப் பக்கம் போய் நிற்கிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்து, அதை மேல் ஓரத்தில் வைத்துவிட வேண்டும்.

அட்டவணை அடங்கியதும் அடுத்த சோதனை வந்தது. அதன் பின்னால் ஒரு வெற்றுக் குறுக்குப் பக்கம். அழித்தால் போகவில்லை. மாணவி பயந்துவிட்டாள். ¶ குறியைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வேர்டில் அட்டவணைக்குப் பின்னால் ஒரு பத்திக்குறியாவது இருந்தே ஆக வேண்டும். செக்‌ஷன் பிரேக் அந்தப் பத்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்களிடம் மிச்சம் இருந்த உயரம் 0.16 சென்டிமீட்டர். 12 பாயின்ட் எழுத்துள்ள ஒரு வெற்று வரிக்குக்கூட அது போதாது. அந்த வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிட்டது, அதற்காக ஒரு பக்கம் பிறந்துவிட்டது. அந்த வரியைத் தேர்ந்து எழுத்தளவை 1 ஆக்கி, பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைச் சுழியமாக்கி, வரி இடைவெளியை ஒற்றையாக வைத்தோம். வெற்றுப் பக்கம் போய்விட்டது. அந்த வரியை அழிப்பதல்ல வழி, சுருக்குவதுதான் வழி.

வெற்றுப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. Next Page என்ற பிரேக்கே அடுத்த பக்கத்தில்தான் தொடங்கும். அது தெரியாமல் முன்னால் ஒரு பேஜ் பிரேக்கும் போட்டு வைத்திருப்பார்கள். திரையில் இரண்டும் அடுத்தடுத்துத் தெரியும். பேஜ் பிரேக்கை மட்டும் எடுத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வரப்பை அழித்தால் என்ன ஆகும் என்பது தெரியாமல் அழிக்காதீர்கள். ஒரு பிரிவின் அமைப்பு எல்லாம் அந்தப் பிரிவின் முடிவில் உள்ள பிரேக்கில்தான் இருக்கிறது. அதாவது வரப்பு தனக்கு முன்னால் உள்ள பாத்தியின் குணத்தைச் சுமக்கிறது. கடைசிப் பிரிவின் அமைப்பு, கோப்பின் கடைசி ¶ குறியில் இருக்கிறது. ஒரு பிரேக்கை அழித்தால், அதற்கு முன்னால் இருந்த பகுதி தன் அமைப்பை இழந்து, பின்னால் உள்ள பிரிவின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். முதல் பிரேக்கை அழித்தீர்களானால் முன்னுரையிலிருந்து ஏழாம் பக்கம் வரை எல்லாம் குறுக்கே படுத்துவிடும். இரண்டாவதை அழித்தால் அட்டவணை நெடுக்குப் பக்கத்துக்கு வந்துவிடும். "ஒன்றுமே செய்யவில்லை சார், ஒரு வரியை அழித்தேன், எல்லாம் கவிழ்ந்துவிட்டது" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கவிழ்ந்ததும் வேறு எதையும் தொடாமல் Ctrl+Z அழுத்துங்கள். திரும்பி வந்துவிடும்.

கடைசியாகத் தலைப்பகுதியும் பக்க எண்ணும். எங்கள் அறிக்கையில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இடது பக்கம் ஊர்ப் பெயர், வலது பக்கம் தேதி. தேதியை டேப் விசையால் தள்ளி வைத்திருந்தார்கள். அது இடது ஓரத்திலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து நிற்கும் டேப். நெடுக்குப் பக்கத்தில் வலது ஓரத்தைத் தொட்ட தேதி, அகலமான பக்கத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது.

இதற்கு இரண்டு வழி. எளிய வழி, முதல் பிரிவின் தலைப்பகுதியில் அந்த டேப்பை எடுத்துவிட்டு, Header & Footer பகுதியில் Insert Alignment Tab கொடுத்து, Right என்றும் Margin என்றும் வைப்பது. இந்த டேப் சென்டிமீட்டரைப் பார்ப்பதில்லை, ஓரத்தைப் பார்க்கிறது. தாள் எந்த வாட்டத்தில் இருந்தாலும் வலது ஓரத்துக்குப் போய்விடும். மற்றப் பிரிவுகள் முதல் பிரிவோடு இணைந்திருப்பதால் ஒரே இடத்தில் செய்தால் போதும்.

இன்னொரு வழி இணைப்பைத் துண்டிப்பது. குறுக்குப் பக்கத்துக்குத் தலைப்பகுதியில் வேறு வாசகம் வேண்டும் என்றால்தான் இது தேவை. தலைப்பகுதிக்குள் இரட்டைச் சொடுக்குப் போட்டால் Link to Previous என்பது அழுத்தியபடி இருக்கும். அதை அணைக்க வேண்டும். ஆனால் இரண்டாம் பிரிவில் மட்டும் அணைத்துவிட்டு மாற்றினால் மூன்றாம் பிரிவும் சேர்ந்து மாறும், ஏனென்றால் மூன்று இன்னும் இரண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே முதலில் மூன்றாம் பிரிவுக்குப் போய் அணையுங்கள், பிறகு இரண்டுக்கு வாருங்கள், அதன் பிறகு மாற்றுங்கள். தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் தனித்தனியே அணைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பக்க எண் 7க்குப் பிறகு 1 என்று வந்தால், அந்தப் பிரிவில் நின்றுகொண்டு Page Number, Format Page Numbers போய் Continue from previous section என்பதைத் தேர்ந்துவிடுங்கள். எங்கள் அட்டவணைக்கு எண் 8 வந்தது. இனி எந்தப் பிரதியிலாவது அந்தத் தாள் விடுபட்டால் எண்ணே காட்டிக் கொடுத்துவிடும். தனிக் கோப்பு கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

அச்சடிக்கும்போது பிரின்டரில் தாளைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. தாள் எப்போதும்போல் இருக்கட்டும், அந்தப் பக்கத்தின் எழுத்தை மட்டும் திருப்பி அடித்துக் கொடுக்கும். பிடிஎப் ஆக்கினால் அந்த ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தெரியும். பத்துப் பிரதி போடுவதற்கு முன் ஒரே ஒரு பிரதி அடித்து, பின் போட்டு, கையில் வைத்துப் புரட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் என் அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, எல்லாரும் போன்லதான் பார்க்கறாங்க. பெரிசு பண்ணிப் பார்த்துக்குவாங்க. 6 பாயின்ட் இருந்தா என்ன?" போனில் பார்ப்பவருக்கு அவன் சொல்வது சரிதான். ஆனால் ஊர்க் கூட்டத்திலும் அலுவலகத்திலும் கையில் இருப்பது தாள். அதுவும் நகலின் நகல். நகல் எடுக்க எடுக்க முதலில் சாவது புள்ளி. தாளை விரலால் பெரிதாக்க முடியாது.

படமாக ஒட்டலாமே என்றும் சிலர் கேட்பார்கள். படத்தைச் சுற்றித் திருப்பி ஒட்டிவிட்டால் செக்‌ஷன் பிரேக் வேண்டாம்தான். ஆனால் நாளைக்கு ஒரு கிணற்றின் எண்ணை மாற்ற வேண்டும் என்றால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். கோப்பில் தேடினால் அந்த எண்கள் கிடைக்காது. எங்கள் அறிக்கையில் இரண்டு கிணறுகளை மறு சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், எண் மாறலாம். படத்தில் எப்படித் திருத்துவது?

ஆனாலும் எல்லா அட்டவணைக்கும் பக்கத்தைத் திருப்பாதீர்கள். குறுக்குப் பக்கம் என்பது படிப்பவரின் கழுத்துக்கு நாம் கொடுக்கும் வேலை. ஏழெட்டுப் பத்தி என்றால் நெடுக்கிலேயே அடங்கும். பத்தி அதிகம், வரிசை குறைவு என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். நான்கு கிணறு, 13 சோதனை என்றால் கிணறுகளைப் பத்தியாகவும் சோதனைகளை வரிசையாகவும் போட்டால் வேலை முடிந்தது. அவளுடைய 24-க்கு 13 எந்தப் பக்கம் மாற்றினாலும் அடங்காது, அதனால்தான் திருப்பினோம்.

செக்‌ஷன் பிரேக்கால் தீராத குறை ஒன்றும் இருக்கிறது. அட்டவணைக்கு முந்திய பக்கம் பாதியில் முடிந்தால், மீதிப் பாதி வெற்றிடமாகவே நிற்கும். பின்னால் வரும் எழுத்து அட்டவணையைத் தாண்டி முன்னால் வந்து அந்த இடத்தை நிரப்பாது. எங்கள் ஏழாம் பக்கத்தில் அப்படித்தான் ஆனது. அட்டவணைக்கு அடுத்து இருந்த இரண்டு பத்திகளை வெட்டி முதல் பிரேக்குக்கு முன்னால் ஒட்டினோம். 'கீழே உள்ள அட்டவணை' என்று இருந்ததை 'அட்டவணை 3' என்று திருத்தினோம். ஆகவே எழுத்து வேலை முழுக்க முடிந்த பிறகு கடைசியாகப் பக்கத்தைத் திருப்புங்கள். முதலிலேயே திருப்பி வைத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இந்த வெற்றிடத்தை மறுபடி சரி செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

வேர்டு இல்லாமல் லிபர் ஆபீஸில் வேலை செய்பவர்கள் இதே பெயரைத் தேடாதீர்கள். அங்கே Section என்பது வேறு பொருள். Manual Break பெட்டியில் Page break தேர்ந்து, பக்கத்திலேயே Page Style என்ற இடத்தில் Landscape கொடுக்க வேண்டும், அட்டவணை முடிந்ததும் அதேபோல் பழைய பாணிக்குத் திரும்ப வேண்டும். பெயர் வேறு, இரண்டு வரப்பு என்ற கணக்கு அதேதான்.

என் மனக்குறை ஒன்று உண்டு. நாம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பில் எழுத்துக்கு வண்ணம் பூசவும், பூப்போட்ட கரை வைக்கவும் சொல்லிக் கொடுத்தோம். பக்கத்தைத் திருப்பச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும்தான். அதனால் எம்.எட். முடித்தவர்களும் சங்கத்துக் கணக்கு எழுதுபவர்களும் அட்டவணை அடங்காவிட்டால் எழுத்தை நசுக்குகிறார்கள், அல்லது அடங்காத பத்தியையே வெட்டிவிடுகிறார்கள். இவளுடைய அறிக்கையிலும் தட்டச்சு செய்தவர் கேட்டிருக்கிறார், "கடைசி இரண்டு பத்தியை எடுத்துவிடலாமா?" என்று. அந்தக் கடைசிக்கு முந்திய பத்திதான் புளூரைடு.

போன வாரம் திருத்திய அறிக்கையை மறுபடி கொடுத்திருக்கிறாள். அதே கூட்டம், அதே ஆட்கள். எட்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு கிணறாக விரல் வைத்துப் படித்தார்களாம். பள்ளிக்கூடத்துக் கிணறு 1.8. இந்த முறை அதை யாரும் 18 என்று படிக்கவில்லை. வந்து மறுபடியும் தண்ணீர் எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

உங்கள் கோப்பில் எங்காவது மாட்டிக்கொண்டால் கீழே எழுதுங்கள். எழுதும்போது ¶ குறியை அழுத்திவிட்டு, திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். வரப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.